லோ கீயில் ஒருவர் தூங்குகிறார்

என் கொழுந்தன் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்தான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சோஃபாவின் ஒரு முனையில் அவன் தலையணை, மறுமுனையில் அவன் கால், டீப்பாயின் மேல் கேமரா பை, தரை முழுக்க சார்ஜர் வயர். நான் வேலை முடிந்து வந்தால் என் சொந்த வீட்டில் உட்கார இடம் இல்லை. "பாவம், சின்னப் பையன்" என்பார் என் வீட்டுக்காரர். சின்னப் பையனுக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டது.

கொழுந்தன் விளம்பரப் பட டைரக்டர். அதாவது, ஆகப்போகிற டைரக்டர். வாயைத் திறந்தால் மூட். வாசல் பல்பு போய்விட்டது, மாற்றுடா என்றால், "வேணாம் அண்ணி, இப்பத்தான் வாசல் சூப்பரா லோ கீயில இருக்கு" என்பான். ஸ்டூலில் ஏறச் சோம்பல், அதற்கு ஒரு கலைப்பெயர். நான் வேலை பார்க்கிற ஸ்டுடியோவில் அவனை எல்லாரும் "மூட் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு அந்த வார்த்தைகளோடுதான் பிழைப்பு. விளம்பரப் படங்களுக்கு நிறம் சரிசெய்கிற கலரிஸ்ட் நான். எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்த படம் கடைசியாக என் மேஜைக்கு வரும். சாம்பல் நிறச் சுவர் உள்ள ஒரு அறையில் உட்கார்ந்து, மூன்று உருண்டைகளை உருட்டி, நிழலுக்கு ஒரு நிறம், நடுவெளிச்சத்துக்கு ஒரு நிறம், பளிச்சென்ற இடத்துக்கு ஒரு நிறம் என்று நகர்த்துவேன். சுவர் ஏன் சாம்பல் என்றால், பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடும். என் வீட்டில் யாரும் என்னை ஏமாற்றாமல் இருக்க எந்தச் சுவருக்கு எந்தப் பெயிண்ட் அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நல்ல காலம் வந்தது. ஒரு பெயிண்ட் கம்பெனி முதலாளி என் கொழுந்தனை நம்பி மூன்று படம் கொடுத்தார். குழந்தைகள் அறை ஒன்று, பால்கனி ஒன்று, கணவனும் மனைவியும் உட்கார்ந்து படிக்கிற அறை ஒன்று. மூன்றும் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க கம்பெனியின் எல்லா விளம்பரமும் அவனுக்கே. "அது மட்டும் கைக்கு வரட்டும் அண்ணி, மறுநாளே தனி வீடு பாத்துட்டுப் போயிடுறேன்" என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் மனசுக்குள் யாரையோ கும்பிட்டேன்.

படப்பிடிப்பு நடந்த வாரம் நான் என் அக்கா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் நேராக ஸ்டுடியோ. முதலாளி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகத் தன் கம்பெனியின் ஷேட் கார்டு. உட்கார்ந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"அம்மா, மூணு படமும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கணும். டிவியில சத்தமில்லாம ஓடினாலும் இது நம்ம கம்பெனின்னு ஜனங்களுக்குத் தெரியணும்."

மூன்றையும் வரிசையாக ஓட்டினேன். குழந்தைகள் அறை ஹை கீ. எங்கே பார்த்தாலும் வெளிச்சம், நிழலே இல்லை, சுவரும் துணியும் பால் மாதிரி. பால்கனி டீல் அண்டு ஆரஞ்சுக்காகவே எடுத்தது. மாலை வெயில் முகத்தில் ஆரஞ்சாக, பின்னால் இருக்கிற நிழலெல்லாம் நீலப்பச்சையாக. இரண்டும் எதிரெதிர் நிறங்கள் என்பதால் முகம் துருத்திக்கொண்டு முன்னால் வரும். மூன்றாவது லோ கீ. ஒரே ஒரு மேஜை விளக்கு, பாதி கணவன் முகம், பாதி மனைவி முகம், மற்றதெல்லாம் கும்மிருட்டு.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "தம்பி, இது மூணும் என் கம்பெனிதானா? மூணு கடைக்காரன் தனித்தனியா எடுத்த மாதிரி இருக்கே?"

பாவி, தெரிந்த மூன்று வார்த்தையையும் மூன்று படத்தில் இறக்கிவிட்டான். விருந்தில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிப் பிசைந்து வைத்தவன் மாதிரி இளித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல சார். அண்ணி நெனச்சா எல்லாத்தையும் டீல் அண்டு ஆரஞ்சு ஆக்கிடுவாங்க. அண்ணி, போட்டு விடுங்க!"

போட்டு விட வேண்டுமாம், சாம்பார் கரண்டி மாதிரி. சரி, அவன் வீட்டை விட்டுப் போக வேண்டுமே என்று உருட்டினேன். குழந்தைகள் அறையில் நிழல் பக்கம் நீலப்பச்சையைத் தள்ளினேன். அந்தப் படத்தில் நிழல் எங்கே இருக்கிறது? சுவரின் ஓரத்தில்தான் லேசாக இருக்கிறது. ஆக, நீலப்பச்சை போய் உட்கார்ந்த இடம் சுவர்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். ஷேட் கார்டை உருவித் திரையின் மேல் ஒட்டிப் பிடித்தார். "இது என்ன? இது எங்க 'பால் வெள்ளை'. பாசி புடிச்ச தொட்டி மாதிரி ஆக்கிட்டீங்களே!"

அட்டையில் வெளிச்சம் பட்டுத் தெரிகிற நிறத்தையும், திரை தானே வெளிச்சம் விடுகிற நிறத்தையும் அப்படி ஒட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மனுஷர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெயிண்ட் விளம்பரத்தில் பெயிண்டின் நிறத்தை மாற்றினால் அப்புறம் என்ன விளம்பரம்? பழையபடி வைத்துவிட்டேன்.

"அப்போ எல்லாத்தையும் லோ கீ ஆக்கிடலாம்" என்றான் என் கொழுந்தன்.

"லோ கீங்கறது லைட் வெக்கும்போதே வர்ற விஷயம்டா. எல்லாப் பக்கமும் விளக்கு வெச்சு எடுத்துட்டு, இங்க வந்து இருட்டாக்குனா அழுக்காத்தான் தெரியும்."

"ட்ரை பண்ணுங்க அண்ணி, ப்ளீஸ்."

ட்ரை பண்ணினேன். குழந்தைகள் அறை மங்கிப்போய், பிள்ளைகள் இரண்டும் கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்து யாரையோ எதிர்பார்ப்பது மாதிரி ஆனது.

"நம்ம பெயிண்ட் அடிச்சா வீட்டுல ஃபியூஸ் போயிடும்னு ஜனங்க பயப்படுவாங்க" என்றார் முதலாளி. குரலில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. "எனக்கு அந்த மொதப் படம் மாதிரி வெளிச்சமா இருக்கட்டும். அதுக்கு என்னமோ பேரு சொன்னீங்களே?"

"ஹை கீ."

"அதுதான். மூணும் அது. இந்த மூணாவதுல பாருங்க, பெயிண்ட் விளம்பரம்னு பேரு, சுவரே காணோம்! சுவர் எங்க தம்பி?"

அதைக் கேட்டதும் என் கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. "சார், சுவர் வந்து... ஒரு உணர்வா இருக்கு சார்."

"உணர்வுக்கு யாரு பெயிண்ட் அடிக்கிறது? அம்மா, வெளிச்சத்தைக் கூட்டுங்க."

"அண்ணி, வேண்டாம் அண்ணி! அதை மட்டும் தொடாதீங்க!" என்று அவன் என் கையைப் பிடிக்கவே வந்துவிட்டான். டைரக்டர்களுக்கு இருட்டின் மேல் ஒரு பாசம் உண்டு, அதில் கை வைத்தால் அழுவார்கள். இவனும் அந்த ரகம் என்றுதான் நினைத்தேன். போடா என்று தட்டிவிட்டு, நிழல் உருண்டையைச் சுற்றியிருக்கிற வளையத்தை மேலே திருப்பினேன்.

இப்போதைய கேமராக்கள் பொல்லாதவை. நம் கண்ணுக்குக் கும்மிருட்டாகத் தெரிகிற இடத்திலும் உள்ளே கொஞ்சம் பதிந்து வைத்திருக்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இருட்டு வெளுத்தது. முதலில் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக நெளிந்தது, எங்கள் பாஷையில் இரைச்சல். இருட்டை அதிகமாக இழுத்தால் அது வரும். அப்புறம் கணவன் மனைவிக்குப் பின்னால் ஒரு சுவர் தெரிந்தது. சுவரில் ஓதம் ஏறி, காது நீண்ட முயல் மாதிரி ஒரு கறை.

அந்த முயலை எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். "சுண்ணாம்பாவது அடிங்க" என்று என் வீட்டுக்காரரிடம் கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதே அந்த முயலால்தான்.

என் வீட்டு ஹால். இன்னும் திருப்பினேன், கை தானாகவே திருப்பியது. என் சோஃபா தெரிந்தது. அதன் மேல் மடிக்காத துணி மலை. அதில் என் நைட்டி. மூலையில் ஒரு நாற்காலி, அதில் இன்னொரு துணி மூட்டை.

"அது என்ன, மூலையில?" என்றார் முதலாளி.

"துணி சார். வெறும் துணி" என்றான் என் கொழுந்தன்.

முதலாளி முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். "தம்பி, துணி மூச்சு விடுது."

விட்டது. ஏறி இறங்கியது. இன்னும் ஒரு சின்னத் திருப்பு. பனியன், தோளில் துண்டு, பின்னால் சாய்ந்த தலை, குகை மாதிரி திறந்த வாய். காதல் பொங்கப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் நடிகர்களுக்குப் பின்னால், என் வீட்டுக்காரர் ஆனந்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு மானம் போயிற்று. அந்த நைட்டியை வேறு முதலாளி பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை.

"அண்ணன் அப்பவே தூங்கிட்டாரு அண்ணி, எழுப்ப மனசு வரல" என்று என் காதில் கிசுகிசுத்தான். "எப்படியும் லோ கீதானேன்னு..."

"இது என்ன பெயிண்ட்?" முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. கத்தினால்கூடத் தேவலை. "தம்பி, இது யாரு பெயிண்ட்?"

கொழுந்தன் உடைந்து எல்லாவற்றையும் கொட்டினான். பெயிண்ட் அடித்துத் தயாராக வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் முடியாது என்றுவிட்டார். நடிகர்கள் வந்து நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் ஒரு பழைய ஹாலில் எடுத்தான், யார் ஹால் என்பதை மட்டும் சொல்லவில்லை. சுவரைக் காட்ட முடியாது, அதனால் லோ கீ. ஓதம், துணி, தூங்குகிற ஆள் எல்லாவற்றையும் இருட்டு விழுங்கிவிடும் என்று நம்பினான். நான் ஒருத்தி வளையத்தைத் திருப்புவேன் என்று அவன் நினைக்கவில்லை.

முதலாளி ஷேட் கார்டை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். எனக்குக் கண்முன்னே தெரிந்தது வருங்காலம். இந்த வேலை போச்சு, தனி வீடு போச்சு, இவன் என் சோஃபாவிலேயே கிழவனாகி, அங்கேயே பேரன் பேத்தி எடுப்பான். ஐயோ, விடமாட்டேன்.

"ஐயா, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றேன். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் காட்டுறேன்."

முதல் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முகத்தின் நிறத்தைக் காட்டுகிற வட்ட வரைபடம் ஒன்று உண்டு. யார் தோலாக இருந்தாலும் அதில் ஏறக்குறைய ஒரே கோட்டின் பக்கத்தில்தான் விழும். இரண்டு படத்தின் முகங்களையும் அந்தக் கோட்டில் நிறுத்தினேன். சுவரின் வெள்ளையை இரண்டிலும் ஒரே வெள்ளையாக, எந்தச் சாயமும் இல்லாமல் வைத்தேன். பால்கனியின் நீலப்பச்சையைச் சுவரிலிருந்து விலக்கி, வானத்திலும் தூரத்து நிழலிலும் மட்டும் கொஞ்சமாக விட்டேன். இருட்டின் ஆழத்தை இரண்டிலும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன்.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். "அட, இப்ப ரெண்டும் ஒரே வீடு மாதிரி இருக்கே!"

"இருக்கும் ஐயா. ஆனா என்னால இவ்வளவுதான் முடியும். ஒரே மூட் வேணும்னா அது என் உருண்டையில இல்ல, எடுக்கிற எடத்துல இருக்கு. ஒரே வீடு, ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம். அதை வெச்சு எடுத்துக்கிட்டு வந்தா ஹை கீ, லோ கீன்னு யாரும் வாயே தொறக்க வேணாம். அந்த ஓதச் சுவர் இருக்கே, அதையே உங்க பெயிண்ட் அடிச்சுக் காட்டுங்களேன். அடிக்கிறதுக்கு முன்னாடி, அடிச்ச பின்னாடி. வருஷம் பூரா அந்த ஒரே வீட்டுல, ஒவ்வொரு சுவரா."

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்பது எனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பிரயோஜனம்?

முதலாளி தொடையில் ஓங்கித் தட்டினார். "அம்மா! இது பேச்சு! அதே வீடு, அதே சுவர். அந்தத் தூங்குற ஆளையும் விடாதீங்க. மனுஷன் என்னமாத் தூங்குறாரு பாருங்க! நம்ம பெயிண்ட் அடிச்சா இப்படித்தான் நிம்மதியாத் தூக்கம் வரும்." திரையில் என் வீட்டுக்காரர் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டார். முதலாளி சிரித்த சிரிப்பில் நாற்காலி கிரீச்சிட்டது. "வருஷக் காண்ட்ராக்ட் உனக்குத்தான் தம்பி. ஆனா அந்த வீட்டுக்காரங்க ஒத்துப்பாங்களா?"

கொழுந்தன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது.

நான் யோசித்தேன். மாட்டேன் என்றால் வேலை இல்லை, இவன் சோஃபாவிலேயே இருப்பான். சரி என்றால் என் ஹால்தான் செட், அப்போதும் இவன் சோஃபாவிலேயே இருப்பான், கூடவே விளக்கு, வயர், பத்து ஆள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி எனக்குத்தான். அப்போதுதான் என் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது, சத்தியமாக ஹை கீயில்.

"ஒத்துப்பாங்க ஐயா. என் வீடுதான் அது. தூங்குறவர் என் வீட்டுக்காரர். ஆனா ஒரு கண்டிஷன். மூட் மாறக் கூடாதுன்னா செட்ல எதுவும் அசையக் கூடாது. சோஃபாவுல ஒரு ஆள் படுத்துப் படுத்து எழுந்தா குஷன் அமுங்கும், உறை சுருங்கும், நிழல் விழுற விதமே மாறிடும். ஒரு மாசம் ஒரு மாதிரி, அடுத்த மாசம் வேற மாதிரி. அப்புறம் எங்கிட்ட வந்து ஒரே மாதிரி ஆக்குன்னா என்னால ஆகாது. அதனால டைரக்டர் அந்த ஹால்ல தங்கவே கூடாது."

"அண்ணி!" என்றான் கொழுந்தன்.

"நியாயம்" என்றார் முதலாளி. "எங்க கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் சும்மாத்தான் கெடக்கு. தம்பி, நீ இன்னைக்கே பெட்டியைக் கட்டு."

எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. என் சோஃபா! என் ஹால்! அக்காவுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும், மொத்தமாகக் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

முதலாளி கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "நீங்க சொன்னதுதாம்மா சரி. அதனால அந்த சோஃபாவுல இனிமே யாருமே உக்கார வேணாம். நீங்களும் வேணாம், விருந்தாளியும் வேணாம். வருஷம் முடியுற வரைக்கும். உங்க வீட்டுக்காரர் மட்டும் அந்த நாற்காலியில தூங்கிக்கட்டும், அவரு இருக்கணும்."

அன்று சாயங்காலமே கொழுந்தன் போனான். போகும்போது சோஃபாவைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனான், அருங்காட்சியகத்தில் கட்டுகிற மாதிரி. அவனுக்கு இப்போது ஏசி அறை, சுத்தமான படுக்கை, காலையில் ரூமுக்கே காபி. என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்தாலே "நான் வேலையில இருக்கேன், கூப்பிடாதே" என்கிறார். துவைக்கலாம் என்று அந்தப் பனியனைக் கேட்டால், "மூட் போயிடும்" என்கிறார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே அச்சு.

நானும் மனுஷிதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஈ காக்கை இல்லை. கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து சோஃபாவின் நடுவில் உட்கார்ந்தேன். கால் நீட்டினேன். அப்படியே கண் அசந்தும் போனேன். என்ன சுகம், என்ன சுகம்!

மறுநாள் அங்கே படப்பிடிப்பு. அதற்கடுத்த வாரம் அந்தப் படம் என் மேஜைக்கு வந்தது. புதுப் பெயிண்ட் அடித்த சுவர் பளபளத்தது, முயல் போன இடம் தெரியவில்லை. சோஃபாவின் நடுவில் மட்டும் நன்றாக அகலமாக ஒரு பள்ளம், அதில் ஒரு நிழல். பின்னால் முதலாளியும் கொழுந்தனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போன மாசம் இந்தப் பள்ளம் இல்லையே?" என்றார் முதலாளி. "யாரோ உக்காந்திருக்காங்க. நல்லா கனமான ஆளா இருக்கும்போல. யாரும்மா அது?"

கொழுந்தன் பள்ளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி பள்ளத்தைப் பார்த்தான்.

"தெரியலைங்க ஐயா" என்றேன். அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் இருந்த நிழலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி, நான் உட்கார்ந்ததை நானே என் கையால் அழித்தேன்.